மொய் நோட்டுக் கணக்கு இடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

கல்யாணம் முடிந்து மண்டபத்தைக் காலி செய்து வீடு வந்ததும் ஒருவர் மொய் நோட்டைக் கூட்டுவார், இன்னொருவர் பணத்தை எண்ணுவார். இரண்டும் ஒத்து வராது. உடனே முதல் பக்கத்திலிருந்து மறுபடி கூட்ட ஆரம்பிப்பார்கள். அப்படிக் கூட்டிப் பிழை அகப்படுவது அபூர்வம், ஏனென்றால் பெரும்பாலும் பிழை கூட்டலில் இருப்பதில்லை. எவ்வளவு இடிக்கிறது, கூடுதலா குறைவா என்று முதலில் பாருங்கள். அந்த வித்தியாசத் தொகையே எங்கே தேட வேண்டும் என்று பாதி சொல்லிவிடும்.

இது சேலம் பக்கத்து வழக்கப்படி எழுதியது: பந்தி வாசலில் ஒரு மேசை, நீளக் கணக்கு நோட்டு ஒன்று, எழுத ஒருவர், கவரைப் பிரித்துப் பணம் வாங்க ஒருவர், மஞ்சள் பை. வரிசை எண், ஊர், பெயர், தொகை என்று நான்கு பத்தி.

## உட்காரும் முன்

பிரித்த மொய்க் கவர்களை யாரும் குப்பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டு என்பது கவரைப் பார்த்து எழுதிய நகல். நகலில் சந்தேகம் வந்தால் அசல் வேண்டும். மேசையிலேயே ஒவ்வொரு கவரின் மூலையிலும் நோட்டு வரிசை எண்ணையும் உள்ளே இருந்த தொகையையும் எழுதி, ஒரு பக்கம் நிறைந்ததும் அந்தப் பக்கத்துக் கவர்களுக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட்டால், பிறகு நாலு மணி நேர வேலை அரை மணியில் முடியும்.

சரிபார்க்க இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் கூட இருந்தால் பேச்சு வளரும். மேசையில் நோட்டு எழுதியவர் கையில் நோட்டைக் கொடுக்கக் கூடாது. அவர் எழுதியதை அவரே பார்த்தால், கண் எழுத்தைப் பார்க்காது, எழுத நினைத்ததைப் பார்க்கும். கவர்க் கட்டை அவரிடம் கொடுத்து, நோட்டை இன்னொருவர் வைத்துக்கொள்வது நல்லது.

முறை இப்படி. கவர் வைத்திருப்பவர் வாசிக்கிறார்: "ஒன்பதாம் பக்கம், பதினாலு. நாகலூர், செல்வராஜ். ஆயிரத்தொண்ணு, நாலு இலக்கம்." நோட்டு வைத்திருப்பவர் தொகையை மட்டும் திருப்பிச் சொல்கிறார்: "ஆயிரத்தொண்ணு, நாலு இலக்கம்." ஒத்திருந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு டிக். இல்லையென்றால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட வேண்டும், அங்கேயே நின்று ஆராயக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் வாசிப்பவரும் கேட்பவரும் இடம் மாறிக்கொள்ளலாம், ஆனால் எழுதியவர் அந்த இருவரில் ஒருவர் என்றால் மாறக் கூடாது, நோட்டு அவர் கைக்குப் போய்விடும். ஒரே நோட்டை இருவரும் தோளோடு தோள் உரசி எட்டிப் பார்த்து வாசிப்பது சரிபார்ப்பு ஆகாது. ஒரே தவறை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்பதுதான் அங்கே நடக்கும்.

## அறிகுறி 1: இரண்டு பேர் கூட்டினால் இரண்டு மொத்தம்

பணத்தை இப்போது தொடாதீர்கள். நோட்டு மொத்தமே இன்னும் நிலைக்கவில்லை.

முதலில் இருவரின் பக்கக் கூட்டையும் ஒவ்வொரு பக்கமாக ஒப்பிடுங்கள். பதினாறு பக்கத்தில் பதினைந்து ஒத்திருக்கும், ஒன்று இடிக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒருவர் கீழிருந்து மேலாக வாசிக்க, மற்றவர் கால்குலேட்டரில் அடிக்க வேண்டும். மேலிருந்தே திரும்ப வாசித்தால், முன்பு தடுக்கிய இடத்திலேயே நாக்கும் விரலும் மறுபடி தடுக்கும்.

எல்லாப் பக்கக் கூட்டும் ஒத்திருந்து, மொத்தம் மட்டும் இடித்தால் இரண்டே காரணம். ஒன்று, பக்க அடியில் போட்ட கூட்டை அடுத்த பக்கத் தலையில் "கொண்டு வந்தது" என்று எழுதி, அதையும் ஒரு மொய் வரியாக நினைத்துக் கூட்டியிருப்பது. இடிக்கும் தொகை ஏதாவது ஒரு பக்கத்துக் கூட்டுக்குச் சமமாக இருந்தால் இதுதான். இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் எதையும் அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போகாமல், பக்கக் கூட்டை மட்டும் அந்தந்த அடியில் போட்டு, நோட்டின் கடைசியில் பக்க வாரியாக ஒரு பட்டியல் எழுதிக் கூட்டுங்கள். மொய் நோட்டுக்கு இதுதான் ஏற்ற முறை.

இரண்டாவது, கடைக் கால்குலேட்டரின் `GT` பொத்தான். ஒவ்வொரு முறை `=` அழுத்தும்போதும் வரும் விடையை அது தனியே சேர்த்துக்கொண்டே போகும். முந்தின கணக்கின் மிச்சம் அதில் தங்கியிருந்தால் மொத்தம் ஏறி நிற்கும். சில கால்குலேட்டரில் `AC` அடித்தால் அது அழியும், சிலவற்றில் அழியாது. தொடங்கும் முன் `GT` அழுத்தி 0 வருகிறதா என்று பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

இன்னொரு சின்னச் சோதனையும் உண்டு, கால்குலேட்டரே வேண்டாம். நம் மொய்யில் பெரும்பாலும் 201, 501, 1,001 என்று ஒன்றில்தான் முடியும், மற்றவை 500, 1,000 என்று சைபரில் முடியும். ஒன்றில் முடியும் வரிகளை மட்டும் எண்ணுங்கள். 218 வரி இருந்தால் மொத்தத்தின் கடைசி இலக்கம் 8 ஆகத்தான் இருக்க முடியும். தெலுங்கு பேசும் வீடுகளிலிருந்து 116, 516, 1,116 என்று வருவதை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆறு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## அறிகுறி 2: நோட்டு மொத்தம் நிலைத்துவிட்டது, பணம் குறைகிறது

அதிகம் வருவதும், வீட்டில் முகம் கோணுவதும் இங்கேதான். யாரையும் சந்தேகிக்கும் முன் கீழ்க்கண்ட வரிசையில் போங்கள். எளியதில் தொடங்கி நேரம் பிடிப்பதில் முடிகிறது.

### பணம் வேறு இடத்தில் இருக்கிறதா?

நோட்டில் ஏறிய மொய் எல்லாம் பைக்குள் இருப்பதில்லை. ஜிபேயில் அனுப்பியவர்களின் பெயரும் நோட்டில் இருக்கும், பணம் மட்டும் வங்கிக் கணக்கில் இருக்கும். அந்த வரிகளுக்கு முன்னால் "ஜி" என்று குறித்திருக்கிறதா பாருங்கள். அனுப்பியவர் காட்டிய திரையை நம்பாமல், வாங்கியவர் போனில் வரவுப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். மேசையில் காட்டிய சில தொகைகள் அப்போது "நிலுவை" என்று நின்று, பிறகு திரும்பிப் போயிருக்கலாம்.

அடுத்தது செலவு. நாதஸ்வரக்காரருக்கு மீதி, பூக்காரருக்குப் பாக்கி, சமையல் ஆளுக்கு பஸ் காசு என்று மண்டபத்தில் அவசரத்துக்குக் கை போவது மொய்ப் பைக்குள்தான். எடுத்தவர் மறந்திருப்பார். "யார் எடுத்தது" என்று கேட்காமல், "இன்றைக்கு மண்டபத்தில் யாருக்கெல்லாம் பணம் கொடுத்தோம்" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள், இரண்டாவதுக்குப் பட்டியலே வரும்.

### ஒரு ரூபாய்கள்

ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவரில் ரூபாய்த் தாளை மட்டும் உருவிவிட்டு நாணயத்தைக் கவரிலேயே விட்டுவிடுவது சகஜம். நோட்டில் 501, பையில் 500. கவர்க் கட்டைப் புரட்டி நாணயங்களைப் பிய்த்து எடுங்கள். இதை முதலிலேயே செய்வதற்குக் காரணம் உண்டு. நாணயக் குறை வித்தியாசத் தொகையின் வால் இலக்கத்தைக் கெடுத்து, அடுத்த சோதனையைக் குழப்பிவிடும்.

### மிச்ச வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

எழுத்தில் ஒரு சைபர் கூடினாலோ குறைந்தாலோ, பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ, வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 101 இருக்க வேண்டிய இடத்தில் 1,001 விழுந்தால் 900 இடிக்கும். 201 இருக்க வேண்டிய இடத்தில் 2,001 என்றால் 1,800, 501 இருக்க வேண்டிய இடத்தில் 5,001 என்றால் 4,500, 1,001 இருக்க வேண்டிய இடத்தில் 10,001 என்றால் 9,000. இந்த நான்கையும் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வகுபட்டுவிட்டது என்பதாலேயே இதுதான் பிழை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்தக் கவரை முதலில் பார்ப்பது என்று மட்டும்தான் அது சொல்கிறது.

### ஒரு கணக்கு, முழுதாக

நோட்டு மொத்தம் 2,46,318, இருவர் கூட்டியும் அதே. வீட்டில் எண்ணிய ரொக்கம் 1,98,291. இடிப்பது 48,027 ரூபாய் என்று பார்த்ததும் வீடு கலங்கும். அது உண்மையான வித்தியாசம் இல்லை.

ஜிபேயில் வந்தது 31,510. பையிலிருந்து நாதஸ்வரத்துக்குக் கொடுத்தது 6,000, பூவுக்கு 3,500. இவற்றை ரொக்கத்தோடு கூட்டினால் 2,39,301. காலையில் சில்லறை கொடுப்பதற்காக வீட்டிலிருந்தே பையில் போட்டு வைத்தது 2,000. அது மொய் இல்லை, கழிக்க வேண்டும். கையில் வந்த மொய் 2,37,301. இப்போது இடிப்பது 9,017.

9,017 ஒன்பதால் வகுபடாது. கவர்களைப் புரட்டினால் பதினேழு நாணயங்கள் ஒட்டியபடியே இருக்கின்றன. எடுத்துச் சேர்த்ததும் கையிருப்பு 2,37,318, இடிப்பது சரியாக 9,000. இது வகுபடுகிறது, மேலே சொன்ன நான்கில் ஒன்றும்கூட. ஆகவே 320 வரியையும் வாசிக்க வேண்டியதில்லை. 10,001 என்று எழுதிய வரிகளை மட்டும் பொறுக்கினால் மூன்று. முதல் இரண்டின் கவரிலும் பத்தாயிரத்தொண்ணு. மூன்றாவது, ஒன்பதாம் பக்கம் பதினாலாம் வரி. கவரைப் பார்த்தவர் சொல்வார்: "இல்லீங்க மாமா, இது பத்தாயிரம் இல்ல. ஆயிரத்தொண்ணுதான், நாலு இலக்கம்." நோட்டில் காற்புள்ளி இல்லாமல் 10001 என்று நெருக்கி எழுதியிருந்தது.

அந்த மூன்றிலும் அகப்படவில்லை என்றால், அடுத்து 5,001 வரிகளைப் பார்த்திருக்க வேண்டும். 4,500 வீதம் இரண்டு பிழை சேர்ந்தாலும் 9,000 வரும்.

திருத்தும்போது வெள்ளை மை தடவக் கூடாது. 10001-ன் மேல் ஒரே கோடு, பக்கத்தில் 1,001, இருவரின் சுருக்கெழுத்து. பிறகு ஒன்பதாம் பக்கத்துக் கூட்டிலும், கடைசிப் பட்டியலிலும், மொத்தத்திலும் 9,000 குறைக்க வேண்டும். வரியைத் திருத்திவிட்டுப் பக்கக் கூட்டை அப்படியே விட்டால், பல வருடம் கழித்து நோட்டைப் புரட்டுகிறவர் எதை நம்புவது என்று தெரியாமல் நிற்பார்.

### வகுபடவில்லை, 100, 200, 1,000 என்று உருண்டையாக இடிக்கிறது

இது கண்ணின் தவறு இல்லை, காதின் தவறு. மேளச் சத்தத்தில் வாங்குபவர் சொல்ல எழுதுபவர் கேட்டு எழுதிய வரிகளில் இருக்கும். "ஆயிரத்தொண்ணு" என்பது "ஆயிரத்து நூத்தொண்ணு" என்று காதில் விழுந்தால் 100. "முன்னூத்தொண்ணு" "ஐநூத்தொண்ணு" ஆனால் 200. "ரெண்டாயிரத்தொண்ணு" "மூவாயிரத்தொண்ணு" ஆனால் 1,000. "ஆயிரத்து ஐநூறு" என்பதில் தலை தொலைந்து வால் மட்டும் கேட்டாலும் 1,000 இடிக்கும், ஆனால் அப்போது பணம் குறையாது, கூடும்.

இதே தவறு வீட்டில் உட்கார்ந்து வாசிக்கும்போதும் நுழையும். அதனால்தான் "நாலு இலக்கம்" என்று சேர்த்துச் சொல்வதும் திருப்பிச் சொல்வதும். இலக்கம் எண்ணியும் தீராத ஜோடிகளும் உண்டு, முன்னூறும் ஐநூறும் போல. இரண்டும் மூன்று இலக்கம். அப்படிப்பட்டவற்றை "மூணு சைபர் ஒண்ணு", "அஞ்சு சைபர் ஒண்ணு" என்று பிரித்து வாசியுங்கள்.

வித்தியாசம் 500 மட்டும் என்றால் நோட்டைத் தொடும் முன் ரூபாயை இன்னொரு முறை எண்ணுங்கள். புதுத் தாள்கள் ஒட்டிக்கொள்ளும், கட்டில் 100 என்று நினைத்தது 101 ஆக இருக்கும்.

### தொகைப் பத்தியில் தொகை அல்லாதது

மோதிரம், வெள்ளிக் கொலுசு, குத்துவிளக்கு வைத்தவர்களின் வரியில் "2 கிராம்" என்று எழுதியிருந்தால், அடித்துக்கொண்டே போகும் விரல் அந்த 2-ஐயும் கூட்டிவிடும். மொத்தத்தின் கடைசி இலக்கம் மட்டும் விநோதமாக இருந்தால் இந்த வரிகளைப் பாருங்கள். பொருளாக வந்ததைத் தொகைப் பத்தியில் எழுதாமல், பெயருக்குக் கீழே எழுதி, தொகை இடத்தில் ஒரு கோடு போடுங்கள்.

## அறிகுறி 3: பணம் கூடுதலாக இருக்கிறது

கூடினால் நல்லதுதானே என்று விட்டுவிடுவார்கள். குறைவதை விட இதுதான் பெரிய பிழை. யாரோ வைத்த மொய்க்கு நோட்டில் பெயர் இல்லை என்று அர்த்தம். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு நாளை வெறுங்கையோடு போய் நிற்போம்.

முதலில் காலையில் போட்ட சில்லறைப் பணத்தைக் கழித்தீர்களா பாருங்கள். பாதி வழக்கு அதோடு தீரும். பிறகு கவர்களை எண்ணி, நோட்டு வரிகளோடு ஒப்பிடுங்கள். ஜிபே வரிகளையும், கவர் இல்லாமல் கையில் கொடுத்த வரிகளையும் நீக்கிவிட்டால் இரண்டு எண்ணும் சமமாக வர வேண்டும். கூடுதலாக நிற்கும் கவரே விடுபட்ட வரி. எழுதுபவர் சாப்பிடப் போய் வேறு ஆள் உட்கார்ந்த நேரத்திலும், முகூர்த்தம் முடிந்து கூட்டம் மொத்தமாகப் பந்திக்கு நகரும் நேரத்திலும்தான் இது விழும். மேடையில் மாப்பிள்ளை கையில் கொடுத்த கவர்கள் சட்டைப் பையிலிருந்து நேராகப் பைக்குள் போயிருந்தாலும் இதே அறிகுறி.

பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று இரண்டு மேசை போட்டிருந்தால், கவர் ஒரு மேசையிலும் பெயர் இன்னொரு நோட்டிலும் இருக்கலாம். ஒரு பக்கம் 1,001 கூடி, மறுபக்கம் அதே 1,001 குறைந்தால் சம்பந்தி வீட்டுக்கு ஒரு போன் போதும்.

## அறிகுறி 4: எல்லாம் ஒத்துப்போகிறது, ஆனால் "நான் வைத்த மொய் எங்கே?" என்று கேள்வி வருகிறது

கூட்டல் தொகையைத்தான் காட்டிக் கொடுக்கும், பெயரைக் காட்டாது. 501 செய்தவர் பெயரில் 1,001-உம், 1,001 செய்தவர் பெயரில் 501-உம் விழுந்திருந்தால் மொத்தம் ஒரு ரூபாய்கூட அசையாது. பணம் சரியாக வந்துவிட்டது என்று வாசிப்பைக் கைவிடும் வீடுகளில்தான் இந்தப் பிழை தங்கிவிடுகிறது.

அதனால் கணக்கு ஒத்த பிறகு பெயருக்காக ஒரு வாசிப்பு வேண்டும். இதில் கேட்பவராகச் சொந்தபந்தம் எல்லாம் தெரிந்த மூத்தவர் உட்கார வேண்டும், பாட்டியோ பெரியம்மாவோ. "ஓமலூர், முருகேசன், 501" என்று வாசித்ததும், "எந்த முருகேசன், தறிக்காரரா, நம்ம சித்தப்பா சம்பந்தியா?" என்று அவர் கேட்பார். அந்தப் பதிலைப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறியில் எழுதுங்கள்: அப்பா பெயர், தொழில், தெரு, எது தெரிகிறதோ அது. ஒரே ஊரில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் கட்டாயம் நிறுத்திக் கேளுங்கள். ஊர்ப் பெயரையும் விட்டுவிடக் கூடாது. வெறும் "பட்டி" என்று எழுதியது கொண்டலாம்பட்டியா கன்னங்குறிச்சிப் பக்கத்து ஏதோ பட்டியா என்று மறு வருடம் யாருக்கும் தெரியாது. ஏற்காட்டு உறவுகளை எல்லாம் "ஏற்காடு" என்று ஒரே ஊரில் அடைக்காமல் நாகலூர், மஞ்சக்குட்டை என்று அவரவர் ஊரையே எழுதுங்கள்.

இந்த வாசிப்பைக் கல்யாணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு முகமும் கவரும் நினைவில் சேராது.

## எப்போது வெளி ஆளைக் கூப்பிடுவது

எண்ணும்போதெல்லாம் ரொக்கம் வேறு வேறு தொகை காட்டினால் கையால் எண்ணுவதை நிறுத்துங்கள். செவ்வாய்ப்பேட்டை மண்டியிலோ தெரிந்த ஜவுளிக் கடையிலோ பணம் எண்ணும் மிஷின் இருக்கும், சில நிமிட வேலை. கூடவே வீட்டார் இருவர் போக வேண்டும், ஒருவராகப் போனால் வழியில் குறைந்தது என்ற பேச்சுக்கு இடமாகிவிடும்.

கவர்கள் இல்லை, பக்கக் கூட்டும் போடவில்லை, வித்தியாசமும் பெரியது என்றால் கணக்கு எழுதித் தொழில் செய்யும் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்து, கணினியில் பக்க வாரியாக ஏற்றித் தரச் சொல்லலாம். அவரால் கூட்டலைத்தான் சரி செய்ய முடியும். கவர் இல்லாத வரிக்கு அவரிடமும் பதில் இருக்காது.

ஆடிட்டரிடம் போக வேண்டியது தொகை பெரிதாகி வங்கியில் போடும்போது. கல்யாணத்துக்காக மணமக்களுக்கு வரும் அன்பளிப்புக்கு வருமான வரி கிடையாது. அந்தச் சலுகை மணமக்களுக்கு மட்டும்தான், பெற்றோர் பெயரில் வாங்கிய மொய்க்கு அது பொருந்தாது. ஒரே ஆளிடமிருந்து ஒரு விசேஷத்துக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது. யார் கணக்கில் போடுவது என்பதைப் போட்ட பிறகு கேட்காமல், போடும் முன் கேளுங்கள். போகும்போது இருவர் கையெழுத்திட்ட கடைசிப் பக்கப் பட்டியலையும், ஜிபே வரவுப் பட்டியலையும், நோட்டின் ஜெராக்ஸையும் கொண்டு போனால் போதும். அசல் நோட்டு வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.